ஆறு - எட்டு என்றால் அன்பு நிலைக்காதா?

என் அத்தை மகளுக்கு வரன் பார்த்தபோது ஜோதிடர் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் நினைவில் இருக்கிறது. பத்துப் பொருத்தங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ராசிப் பொருத்தத்துக்கு நேராக ‘இல்லை’. அடுத்த வரியிலேயே ராசி அதிபதிப் பொருத்தத்துக்கு நேராக ‘உத்தமம்’. அத்தை இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ராசி சேரலைங்கறீங்க, ராசிநாதன் சேருதுங்கறீங்க. இதுல எதைங்க எடுத்துக்கறது?”

பல வீடுகளில் எழும் கேள்விதான். இந்த இரண்டு பொருத்தங்களும் அளப்பது இரண்டு வேறு விஷயங்களை. ராசிப் பொருத்தம் தூரத்தை அளக்கிறது. அதிபதிப் பொருத்தம் உறவை அளக்கிறது.

முதலில் தூரம். ஒருவர் பிறந்தபோது சந்திரன் நின்ற ராசியே அவருடைய ராசி. ஜோதிடத்தில் சந்திரன் மனதுக்குரிய கிரகம். ஆகவே பெண்ணின் ராசியிலிருந்து பையனின் ராசி எத்தனையாவது என்று எண்ணுவது, இரண்டு மனங்களும் எந்தக் கோணத்தில் ஒன்றையொன்று பார்க்கின்றன என்று கேட்பதற்குச் சமம். தொடங்கும் ராசியையும் சேர்த்து எண்ண வேண்டும். ஜோதிடர் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனார். நான்கு விரல்களில் பன்னிரண்டு கணு, பன்னிரண்டு ராசி. பெண்ணுக்கு ரோகிணி, ரிஷப ராசி. பையனுக்கு விசாகம் மூன்றாம் பாதம், துலா ராசி. ரிஷபம், மிதுனம், கடகம், சிம்மம், கன்னி, துலாம்... ஆறாவது கணுவில் விரல் நின்றது.

நம் ஊர் வழக்கில் பையனின் ராசி ஆறைத் தாண்டி வருவது நல்லது என்பார்கள். அதிலும் ஏழு சிறப்பு; இருவரின் சந்திரனும் நேருக்கு நேர் பார்க்கும் சமசப்தமம் அது. ஆறாக வந்தால், அவர் பக்கமிருந்து எண்ணும்போது பெண்ணின் ராசி எட்டாவதாக வரும். இந்த ஆறு - எட்டு நிலைக்குத்தான் சஷ்டாஷ்டகம் என்று பெயர். ஜாதகத்தில் ஆறாமிடம் நோய், கடன், பகைக்கும், எட்டாமிடம் தடைக்கும் ஆயுளுக்கும் உரியவை. ஒருவர் மனம் மற்றவருக்கு அப்படிப்பட்ட இடத்தில் அமைந்தால், ஆரம்ப ஈர்ப்பு போன பிறகு சலிப்பும் சந்தேகமும் தலைகாட்டும் என்பது இந்த விதியின் கருத்து.

இனி உறவு. ஒவ்வொரு ராசிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. ரிஷபத்துக்கும் துலாத்துக்கும் ஒரே அதிபதி, சுக்கிரன். இரண்டு வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தாலும் வீட்டுக்காரர் ஒருவரே. அதனால்தான் அடுத்த வரியில் உத்தமம். வடக்கே 36 குணங்களைக் கூட்டிப் பார்க்கும் முறையிலும், ராசி தூரத்தில் தோஷம் வந்தால் இருவருக்கும் அதிபதி ஒருவரா, நட்பா என்று பார்த்து அந்தத் தோஷத்தைத் தள்ளிவிடுவது உண்டு.

ஆறு - எட்டாக அமையும் ஜோடிகள் மொத்தம் பன்னிரண்டு. அவற்றில் மேஷம் - விருச்சிகம், ரிஷபம் - துலாம் இரண்டுக்கும் அதிபதி ஒன்றே. சிம்மம் - மீனத்தில் சூரியனும் குருவும் பரஸ்பர நண்பர்கள். மிதுனம் - மகரம், கடகம் - தனுசு, கன்னி - கும்பம் மூன்றிலும் ஒரு பக்கம் நட்பு, மறுபக்கம் சமம். மீதமுள்ள ஆறு ஜோடிகளில் ஒரு பக்கமாவது பகை இருக்கிறது. சிம்மம் - மகரத்தில் சூரியனும் சனியும் இரண்டு பக்கமும் பகை. அதிபதியை வைத்துப் பார்த்தால் முதல் ஆறு ஜோடிகளுக்குத் தோஷம் தளரும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். நம்மிடையே புழங்கும் சில பட்டியல்களில் இதற்கு நேர்மாறான ஆறும் ‘அனுகூல சஷ்டாஷ்டகம்’ என்று இருக்கும். ஒரு ஜோதிடர் ஆகும் என்பதை இன்னொருவர் ஆகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த வழக்கைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுவிடுவது நல்லது.

அதிபதி நட்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அது எப்போதும் இருவழிப் பாதை அல்ல. கடக ராசியின் அதிபதி சந்திரன். மிதுனம், கன்னியின் அதிபதி புதன். சந்திரன் புதனை நண்பனாக நினைக்கிறான். புதனோ சந்திரனைப் பகையாகப் பார்க்கிறான். புராணத்தில் புதன் சந்திரனின் மகன். தகப்பனுக்குப் பாசம், மகனுக்கு வருத்தம். ஒருவர் அள்ளிக் கொடுக்க, மற்றவர் ஒதுங்கி நிற்கும் தாம்பத்தியத்தை இந்த ஒருபக்க நட்பு குறிக்கிறது. ஆகவே ‘அதிபதி நட்பு’ என்று எழுதியிருந்தால், யாருக்கு யார் நட்பு என்று இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.

அத்தை வீட்டுக் கதை அதோடு முடியவில்லை. ஜோதிடர் பையனின் ஜாதகத்தை மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டு, “இது எந்தப் பஞ்சாங்கத்துல கணிச்சதும்மா?” என்றார். பெண் ஜாதகம் திருக்கணிதம். பையனுடையது வாக்கியம். சந்திரன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டேகால் நாள், ஒரு பாதத்தைக் கடக்க சுமார் 6 மணி நேரம் ஆகும். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் சில மணி நேர வித்தியாசம் வரலாம். விசாகத்தின் முதல் மூன்று பாதங்கள் துலாத்திலும், நான்காம் பாதம் விருச்சிகத்திலும் இருக்கின்றன. பையன் பிறந்தது மூன்றாம் பாதத்தின் கடைசியில். திருக்கணிதத்தில் போட்டுப் பார்த்தபோது நான்காம் பாதம் வந்துவிட்டது, ராசி விருச்சிகம்.

மறுபடி விரல் எண்ணியது. ரிஷபத்திலிருந்து விருச்சிகம் ஏழு. ராசிப் பொருத்தம் உத்தமம். ஆனால் அதிபதிகள் இப்போது சுக்கிரனும் செவ்வாயும். இருவரும் ஒருவருக்கொருவர் சமம். அதனால் அது மத்திமம். அதே பெண், அதே பையன். ‘இல்லை’ இருந்த இடத்தில் உத்தமம், உத்தமம் இருந்த இடத்தில் மத்திமம்.

இப்படி இரண்டு ராசிகளில் பிரிந்து கிடக்கும் நட்சத்திரங்கள் ஒன்பது: கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி. இவற்றில் பிறந்தவர்களுக்கு வெறும் நட்சத்திரத்தை மட்டும் கொடுத்துப் பொருத்தம் பார்ப்பது தவறாகிவிடும். பாதம் கட்டாயம் வேண்டும். இரண்டு ஜாதகங்களையும் ஒரே பஞ்சாங்கத்தில் கணித்திருக்க வேண்டும். அதுவும் பொருத்தம் பார்ப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பதில் பிடிக்கவில்லை என்று பஞ்சாங்கத்தை மாற்றிக்கொண்டே போனால் அது பொருத்தம் ஆகாது.

இந்தக் கணக்கு நம்பிக்கையின் வழி வந்தது. திருமணம் நிலைக்குமா என்பதை இது அறிவியல்படி நிரூபிப்பதில்லை. பன்னிரண்டே ராசிகளில் உலகத்தார் எல்லோரும் அடங்குவதால், இந்தப் பெண்ணைப் பற்றியோ இந்தப் பையனைப் பற்றியோ தனியாக எதையும் அது சொல்லிவிடவும் முடியாது. அத்தை இரண்டாவது தாளையும் முதல் தாளோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டது ராசியைப் பற்றியல்ல. “அந்தப் பையன்கிட்ட பேசினியே, உன் பேச்சை முழுசா கேட்டானா?” என்றார். ஒருபக்க நட்பு என்று ஜோதிடர் சொன்னதன் பொருள் அவருக்கு அப்படித்தான் புரிந்திருந்தது.