பத்துச் சுற்று, இருநூறு அடி

பழுதான டிவிடி டிரைவின் நான்கு திருகுகளைக் கழற்றி மேல்தகட்டை எடுத்தால், உள்ளே ஒரு சின்ன வண்டி தெரியும். வட்டைப் படிக்கும் கண்ணாடிவில்லை அதன்மேல் இருக்கும். பளபளக்கும் தண்டுகளில் அது முன்னும் பின்னும் ஓடும். பக்கத்தில் இருக்கும் மெல்லிய திருகுத்தண்டு அதைத் தள்ளும். அந்தத் தண்டின் முனையில் இருக்கிற விரல்நுனி அளவு மோட்டார்தான் இந்தக் கதையின் நாயகன். இப்படி இரண்டு டிரைவுகள் கிடைத்தால் போதும். ஒன்று காகிதத்தை ஒரு திசையில் நகர்த்தும், மற்றது பேனாவைக் குறுக்கே நகர்த்தும். சுமார் 4 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் வரையும் இயந்திரம் தயார்.

பழைய டிரைவு வாங்கும்போது கவனிக்க வேண்டியது கம்பிகளின் எண்ணிக்கை. வண்டியை ஓட்டும் மோட்டாருக்கு இரண்டு கம்பி மட்டும் இருந்தால் அது சாதாரண டிசி மோட்டார்; இந்த வேலைக்கு ஆகாது. நான்கு கம்பி இருந்தால் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார்.

சாதாரண மோட்டார் மின்சாரம் கொடுத்தால் சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்டெப்பர் அப்படியல்ல. அதற்குள் இரண்டு காயில்கள் உண்டு. அவற்றில் மின்சாரத்தின் திசையை ஓர் ஒழுங்கில் மாற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவிலுள்ள காந்தம் ஓர் அடி மட்டும் நகர்ந்து நிற்கும். டிவிடி டிரைவுகளில் பரவலாகக் காணப்படும் மோட்டார், ஒரு முழுச் சுற்றுக்கு 20 அடி வைக்கும். ஓர் அடிக்கு 18 டிகிரி. திருகுத்தண்டு ஒரு சுற்று சுற்றினால் வண்டி 3 மில்லிமீட்டர் நகரும். ஆக, ஓர் அடி என்பது 0.15 மில்லிமீட்டர். 30 மில்லிமீட்டர் போக வேண்டுமா? பத்துச் சுற்று, இருநூறு அடி.

இணைப்பதற்கு முன் எந்த இரண்டு கம்பி ஒரே காயிலைச் சேர்ந்தவை என்று மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். ஒரே காயிலின் முனைகளுக்கு இடையே சில ஓம் முதல் பத்துப் பதினைந்து ஓம் வரை காட்டும். வேறு காயில் என்றால் எதுவும் காட்டாது. ஜோடி மாறிவிட்டால் மோட்டார் சுழலாமல் நின்ற இடத்திலேயே நடுங்கும்.

அடிகளை எண்ணி அனுப்புவது ஆர்டுயினோ ஊனோ பலகை. மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை அதனால் தர முடியாது. அதற்கு A4988 போன்ற டிரைவர் சில்லு நடுவில் வேண்டும். இந்தச் சில்லு இரு காயில்களிலும் ஓடும் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்து, ஓர் அடியை எட்டாகவும் பிரித்து வைக்கும். அப்படி வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 160 வகுத்தல் 3, அதாவது 53.333 நுண்ணடி. ஆர்டுயினோவில் ஏற்றும் GRBL என்ற இலவச மென்பொருளுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்:

```
$100=53.333
$101=53.333
```

முதல் வரி X திசைக்கு, அடுத்தது Y திசைக்கு. இதற்குப் பிறகு வரைபவர் அடிகளை மறந்துவிடலாம், மில்லிமீட்டரிலேயே பேசலாம். அந்தப் பேச்சுமொழிதான் ஜி-கோடு. 30 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை அதில் இப்படி எழுதலாம்:

```
G21
G90
M5
G0 X0 Y0
M3 S90
G4 P0.3
G1 X30 F300
G1 Y30
G1 X0
G1 Y0
M5
```

G21 என்றால் அளவு மில்லிமீட்டரில். G90 என்றால் எல்லா இடத்தையும் தொடக்கப்புள்ளியிலிருந்து கணக்கிடு என்று பொருள். G0 வரையாமல் விரைந்து போவதற்கு, G1 சொன்ன வேகத்தில் நேர்கோடாகப் போவதற்கு. F300 என்பது நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர். இந்தச் சதுரத்தின் 120 மில்லிமீட்டர் சுற்றளவை முடிக்க ஏறத்தாழ 24 விநாடி ஆகும். M3, M5 இரண்டும் பேனாவை இறக்கவும் ஏற்றவும். அதற்குச் சிறிய செர்வோ மோட்டாரை இயக்கத் தெரிந்த, மாற்றியமைத்த GRBL வேண்டும்; S எண்ணை அவரவர் செர்வோவுக்கு ஏற்பப் பார்த்து வைக்க வேண்டும். G4 P0.3 வரி 0.3 விநாடி காத்திருக்கச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் பேனா காகிதத்தைத் தொடுமுன்பே வண்டி கிளம்பிவிடும், கோட்டின் தொடக்கம் காணாமல் போகும்.

இந்த இயந்திரத்துக்குக் கண் கிடையாது. எத்தனை அடி வைக்கச் சொன்னோம் என்று மட்டுமே அதற்குத் தெரியும்; மோட்டார் உண்மையில் வைத்ததா என்று தெரியாது. அதனால் தவறுகளைக் காகிதத்தில்தான் படிக்க வேண்டும். சதுரம் ஒழுங்காக இருந்து 30க்குப் பதில் 60 மில்லிமீட்டருக்குப் போக முயன்று முட்டினாலோ, 15லேயே நின்றாலோ, நுண்ணடிக் கணக்கு பலகையில் வைத்திருப்பதோடு ஒத்துப்போகவில்லை. பாதி வரை சரியாக வந்து, அதன்பின் எல்லாக் கோடுகளும் ஒரே அளவு விலகியிருந்தால் மோட்டார் அடி தவறியிருக்கிறது. அப்போது காந்தம் வழுக்கி நான்கு முழு அடிகளைத் தாண்டியே மறுபடி பிடித்துக்கொள்ளும். எனவே விலகல் 0.6 மில்லிமீட்டரோ அதன் மடங்காகவோ இருக்கும். வேகத்தைக் குறைப்பது, தண்டில் ஒட்டிய பழைய கிரீஸைத் துடைப்பது, மின்சாரத்தைச் சற்றுக் கூட்டுவது என்று இந்த வரிசையில் பார்க்கலாம். மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சுட்டால் மின்சாரம் அதிகம்.

சதுரத்தின் முடிவு தொடக்கத்தோடு மயிரிழை சேராமல் நிற்பது வேறு கோளாறு. திருகுத்தண்டின் மரைக்கும் அதைக் கவ்வும் பிளாஸ்டிக் பல்லுக்கும் இடையே உள்ள ஆட்டம் அது. திசை திரும்பும் ஒவ்வொரு முறையும் முதல் சில நுண்ணடிகள் அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே போய்விடும். இதை GRBL தானாகச் சரிசெய்யாது. வண்டியை எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கும்படி ஒரு மெல்லிய ரப்பர் பட்டையை மாட்டிவிட்டு அதே சதுரத்தை மறுபடி வரைந்தால், மூலை மூடுகிறதா என்று 24 விநாடியில் தெரிந்துவிடும்.