சேலத்து மழையும் வெயிலும் ஒரே தாளில்

இரண்டாம் ஆண்டுச் செய்முறை வகுப்பில் சேலத்தின் தட்பவெப்ப வரைபடத்தை வரைந்தபோது நான் ஒரு பிழை செய்தேன். வெப்பத்திற்குரிய இடப்பக்க அளவுகோலைச் சுழியிலிருந்து தொடங்காமல் 20 பாகையிலிருந்து தொடங்கிவிட்டேன். கோடு மலைபோல் ஏறி இறங்கியது. அதை நம்பி, "சேலத்தில் கடுங்குளிர்காலம் உண்டு" என்றும் எழுதிவிட்டேன்! உண்மையில் டிசம்பரின் சராசரி ஏறத்தாழ 24 பாகை; ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ 31. வேறுபாடு ஏழே பாகை. ஆகவே நம் சமவெளியில் பருவங்களைப் பிரித்துக் காட்டுவது வெப்பக் கோடன்று, மழைப் பட்டைகளே.

வலப்பக்கத்து மழை அளவுகோலை எப்படி அமைப்பது? காசன் என்ற பிரெஞ்சு அறிஞரின் முறை எளிது. 10 பாகைக்கு நேராக 20 மில்லிமீட்டர் மழையைக் குறிக்க வேண்டும். மழைப் பட்டை வெப்பக் கோட்டைத் தொடாமல் கீழே நின்றால் அது வறண்ட மாதம்.

இப்போது சேலத்தைப் பார்ப்போம். ஏப்ரலில் சுமார் 50 மில்லிமீட்டர் மழை உண்டு. ஆயினும் 31 பாகையின் இருமடங்கு 62. எனவே மழை பெய்தும் அது வறண்ட மாதமே. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இதே நிலைதான். மே மாதத்தில் பட்டை சுமார் 100 மில்லிமீட்டருக்கு எழுந்து கோட்டைத் தாண்டுகிறது. நிலம் சூடேறி, காற்று மேலெழுந்து, மாலையில் இடியுடன் கொட்டும் கோடை மழை அது. ஜூனில் பட்டை மீண்டும் குறுகுகிறது. தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெரும்பாலான ஈரத்தை இறக்கிவிட்டு நம்மிடம் வருவதே காரணம். மேகம் மட்டும் வெயிலை மறைப்பதால் வெப்பக் கோடும் சற்றே இறங்குகிறது. பின்னர் ஆகஸ்டிலிருந்து பட்டைகள் உயர்ந்து அக்டோபரில் உச்சம் அடைகின்றன. சென்னையின் உச்சம் நவம்பரில்.

அக்டோபர்ப் பட்டை முழுவதையும் வடகிழக்குப் பருவமழையின் கணக்கில் எழுதுவது பலரும் செய்யும் தவறு. அப்பருவம் தொடங்குவது பெரும்பாலும் அம்மாதம் 20-ஆம் நாளை ஒட்டித்தான். முன்பாதியில் பெய்வது வேறு மழை. மாதப் பட்டையில் இரண்டும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன.

திருத்திய வரைபடத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்றேன். என் தந்தையார் இராசிபுரம் பக்கம் மானாவாரியில் நிலக்கடலை போடுபவர்; எழுத்தறியாதவர். கோட்டையும் பட்டைகளையும் விளக்கினேன். ஜூலையிலிருந்து ஏறும் பட்டைகளை விரலால் தடவிப் பார்த்து, "ஆடிப் பட்டம் இதுதானா?" என்றார். உடனே, "ஏங்கண்ணு, போன வருசம் ஆடியிலே பொட்டு மழையில்லையே, விதைக் கடலையெல்லாம் போச்சே. இது எந்த வருசத்துக் கணக்கு?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளின் சராசரி என்றேன். "அப்போ போன வருசத்தையும் தனியாப் போட்டுக் காட்டு" என்றார். சராசரியின் பக்கத்திலேயே அந்த ஓராண்டுப் பட்டைகளையும் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.