உங்களுக்குத் தெரியுமா? 85 டெசிபல் பிள்ளைகளுக்கான அளவல்ல

குழந்தைகளுக்கான ஹெட்போன் பெட்டியில் ‘85 டெசிபல் வரை மட்டும்’ என்று இருந்தால் அதை நம்பி நிம்மதியடைய முடியாது. 85 என்பது ஆலையில் எட்டு மணி நேரம் வேலை செய்யும் பெரியவர்களுக்கான வரம்பு. உலக சுகாதார நிறுவனம் சிறுவருக்குச் சொல்வது 75 டெசிபல், வாரம் 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கும் நேரம் பாதியாகும். 85-ல் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் மிஞ்சும். பள்ளிக்குப் போகவர தினம் ஒரு மணி நேரம் பேருந்தில் பாட்டு கேட்கும் பிள்ளை வெள்ளிக்கிழமைக்குள் அதைத் தாண்டிவிடும்.

ஆகவே போனிலும் பூட்டு வேண்டும். சாம்சங்கில் Settings, Sounds and vibration, Volume என்று போய், மூன்று புள்ளிகளைத் தொட்டால் Media volume limit வரும். அதற்கு PIN எண்ணும் வைக்கலாம். ஆனால் அது டெசிபலை அளப்பதில்லை, வால்யூம் பட்டையைத்தான் நிறுத்துகிறது. அதே அளவில் வேறொரு ஹெட்போன் இன்னும் உரக்க ஒலிக்கலாம்; மாற்றும்போதெல்லாம் நீங்களே போட்டுக் கேட்டுப் பாருங்கள். பேருந்து இரைச்சலில் குறைந்த ஒலி காதில் விழாதே என்பது நியாயமான கேள்வி. அதற்குக் காது முழுவதையும் மூடும் மெத்தை வைத்த ஹெட்போன் உதவும். வெளிச்சத்தம் குறைந்தால் ஒலியைக் கூட்டத் தோன்றாது.