மருந்து வந்தால் விழிக்கும் ஜீன்கள்

என்டரோகாக்கஸ் நம் குடலில் சாதாரணமாகக் குடியிருக்கும் பாக்டீரியா. உடல் தளர்ந்த நோயாளியின் ரத்தத்துக்குள் நுழைந்துவிட்டால் கதை வேறு. மற்ற மருந்துகள் கைவிடும் கட்டத்தில் டாக்டர்கள் நம்பியிருந்தது வான்கோமைசினை. அதற்கும் அடங்காத என்டரோகாக்கஸ் பற்றிய செய்தி 1988-ல் ஐரோப்பாவிலிருந்து வெளிவந்தது.

பாக்டீரியா தன் செல்சுவரைச் சிறுசிறு துண்டுகளாகச் செய்து கோக்கிறது. ஒவ்வொரு துண்டின் வால் நுனியிலும் இரண்டு அலனின்கள் இருக்கும். வான்கோமைசின் அந்த வாலைக் கவ்விக்கொள்ள, சுவர் அரைகுறையாக நின்று செல் சாகிறது. எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாவோ கடைசி அலனினுக்குப் பதிலாக லாக்டேட்டை வைத்துவிடுகிறது. இதனால் மருந்தின் பிடி ஏறத்தாழ 1,000 மடங்கு தளர்ந்துவிடும்.

இந்த மாற்றுச் சுவருக்குத் தனி என்சைம்கள் வேண்டும். மருந்தே இல்லாத நாளில் அவற்றைச் செய்வது வீண் செலவு. மருந்து வந்திருப்பதை முதலில் அறிய வேண்டும். அதற்கு இரண்டே புரதங்கள் போதும்.

ஒன்றின் பெயர் வான்-எஸ். அது செல்லின் சவ்வில் பதிந்திருக்கிறது. ஒரு பகுதி வெளியே, மறு பகுதி உள்ளே. வான்கோமைசின் வந்ததை வெளிப்பகுதி உணர்ந்ததும் உள்பகுதி செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துத் தன் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் ஏற்றிக்கொள்கிறது. அங்கே அது அதிக நேரம் தங்குவதில்லை. செல்லுக்குள் திரியும் இரண்டாவது புரதமான வான்-ஆர் வந்து, தன் அஸ்பார்டேட்டில் அந்தப் பாஸ்பேட்டை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதும் அதன் வடிவம் மாறி, டி.என்.ஏ.வில் உரிய இடத்தை இறுகப் பற்றுகிறது. லாக்டேட் வால் செய்யும் ஜீன்கள் வேலையைத் தொடங்குகின்றன.

இதில் வியப்பான பகுதி, அணைக்கும் வேலை. வான்-ஆர் மீது ஏறிய பாஸ்பேட் தானாகச் சட்டென உதிர்வதில்லை. பல மணி நேரம் ஒட்டியிருக்கும். மருந்து இல்லாதபோது அதைக் கழற்றுவதும் அதே வான்-எஸ்தான். ஏற்றுவது, இறக்குவது இரண்டும் ஒரே புரதத்தின் கையில்.

இந்த ஜோடியின் குறையையும் மருத்துவமனையில் நேரில் பார்க்கலாம். வான்-பி என்ற வகை என்டரோகாக்கஸ் வான்கோமைசினை உணரும்; அதன் உறவுக்கார மருந்தான டெய்கோபிளானினை உணராது. சுவரை மாற்றும் ஜீன்கள் முழுதாக இருந்தும், செய்தி போய்ச் சேராததால் டெய்கோபிளானினிடம் அது தோற்கிறது. வான்-ஏ வகையோ இரண்டையும் உணர்ந்து இரண்டுக்கும் தப்புகிறது. ஆகவே ஆய்வகத் தட்டில் இரு மருந்து வில்லைகளையும் வைத்துப் பார்த்தாலே எந்த வகை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆனால் வான்-பி தொற்றுக்கு டெய்கோபிளானினை மட்டும் நம்புவது ஆபத்து. சிகிச்சை நடக்கும்போதே வான்-எஸ் ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். மாற்றம் உணரும் முனையில் விழுந்தால் புது மருந்தும் அதற்குத் தெரியத் தொடங்குகிறது. பாஸ்பேட்டைக் கழற்றும் திறன் கெட்டுப்போனால், எந்த மருந்தும் இல்லாமலேயே அந்த ஜீன்கள் இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கும்.