மூன்று மருந்துக்கும் அடங்காத இரத்த அழுத்தம்: நரம்புத் தணிப்புச் சிகிச்சை யாருக்கு?

ரஹாங் - நீர் மாத்திரை உட்பட மூன்று மருந்துகளை முறையாக உட்கொண்டும் இரத்த அழுத்தம் 140/90க்குக் கீழே இறங்காதவர்களுக்குச் சிறுநீரக நரம்புத் தணிப்புச் சிகிச்சை பரிசீலிக்கப்படலாம்.

தொடை இடுக்கு இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளை வெப்பத்தால் செயலிழக்கச் செய்வார்கள். உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றுவதில் அந்த நரம்புகளுக்குப் பங்குண்டு.

ஒருவருக்குக் கிளினிக்கில் 160 காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் அளந்து 128 வந்தால், அவருக்கு இது தேவையில்லை. வீட்டிலும் 155 என்றால், மாத்திரையைத் தவறவிடுகிறாரா, வலி மாத்திரை அதிகம் எடுக்கிறாரா, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா, சுரப்பிக் கோளாறா என்று முதலில் பார்ப்பார்கள். காரணம் எதுவும் இல்லையென்றால்தான் இச்சிகிச்சை.

2014-இல் வெளியான பெரிய ஆய்வில் இது போலிச் சிகிச்சையை வெல்லவில்லை. பிந்தைய ஆய்வுகளுக்குப் பிறகே 2023-இல் அமெரிக்கா அனுமதித்தது. அழுத்தம் ஓரளவே குறையும். பெரும்பாலோர் மாத்திரையைத் தொடரத்தான் வேண்டும்.