கிணற்று மேல்நீரில் நடக்கும் போர்: அன்றும் இன்றும்

மலேரியா என்றால் சாக்கடையைத்தான் நினைப்போம். சென்னை போன்ற நகரங்களில் அதைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். தெளிந்த நீர்தான் வேண்டும். மேல்தொட்டிக்கு அடுத்தபடியாக வீட்டுக் கிணறு அதற்கு உகந்த இடம். அதன் புழு தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாகப் படுத்து, அங்கே மிதப்பதைத் தின்று வளர்கிறது. அதனால் கிணற்றில் கொசுவை எதிர்த்த எல்லா வழிகளும் அன்றுமுதல் இன்றுவரை அந்த மேல்நீரைக் குறிவைத்தவைதான்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் ஊற்றினார்கள். நீரின்மேல் படலம் கட்டியதும் புழுவுக்கு மூச்சு அடைத்துவிடும். ஆனால் அந்தத் தண்ணீரை யார் குடிப்பார்கள்? பாரிஸ் கிரீன் என்ற ஆர்சனிக் நஞ்சைப் புழுதியோடு கலந்து குட்டைகளிலும் நீர்நிலைகளிலும் தூவினார்கள். குடிநீர்க் கிணற்றுக்கு இரண்டுமே ஒத்துவராதவை. அந்த இடத்துக்கு மீன்தான் பொருந்தியது. 1928-இல் இந்தியாவுக்கு வந்த கம்பூசியாவுக்கு வாய் மேல்நோக்கித் திறக்கும். தண்ணீரின் மேற்பரப்பில்தான் அது மேயும். முட்டையிடாமல் குட்டி போடுவதால், ஒருமுறை விட்டால் கிணற்றிலேயே பெருகும். கப்பியும் அப்படித்தான், கொஞ்சம் அழுக்கான நீரையும் அது தாங்கிக்கொள்ளும்.

அன்றைய கிணறு இந்த மீன்களுக்கு இசைவாக இருந்தது. காலையும் மாலையும் வாளி இறங்கும். இலை விழுந்தால் எடுத்துப் போடுவார்கள். மேல்நீர் திறந்தே கிடக்கும்.

1971-இல் நகர்ப்புற மலேரியாத் திட்டம் வந்த பிறகு, நம் ஊரில் அபேட் என்று எல்லாரும் சொல்லும் டெமிபாஸ் மருந்து பழக்கமானது. 50 சதவீத மருந்தில் 2.5 மில்லியை 10 லிட்டர் நீரில் கலந்து, ஒரு சதுர மீட்டருக்கு 20 மில்லி வீதம் வாரம் ஒருமுறை தெளிப்பது வழக்கம். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள உறைகிணற்றின் நீர்ப்பரப்பு இரண்டு சதுர மீட்டருக்கும் குறைவு. ஆகவே கலந்த மருந்தில் 35 மில்லியே போதும். இவ்வளவு கொஞ்சமா என்று தோன்றும். கிணற்று நீர் முழுவதற்கும் அல்ல, புழு இருக்கும் மேல்நீருக்கு மட்டும் என்பதால்தான் இந்த அளவு.

இன்று மெட்ரோ தண்ணீரும் போர்வெல்லும் வந்துவிட்டன. பல வீடுகளில் கிணறு யாரும் தொடாத குழியாகிவிட்டது. மோட்டார் அடியிலிருந்து உறிஞ்சுவதால் மேல்நீர் கலங்குவதே இல்லை. வேப்பஞ்சருகும் பிளாஸ்டிக் கவரும் மிதக்க, அவற்றின் இடுக்கில் புழு ஒளிந்துகொள்கிறது. மீனால் அங்கே நுழைய முடிவதில்லை. மருந்தும் சருகின்மேல் விழுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. மீன் விட்டும் பயனில்லை என்று சொல்பவர்களின் கிணற்றில் முதலில் சருகை அள்ளிப் பார்க்க வேண்டும். அடுத்ததாக பிளீச்சிங் பவுடர். மழைக்காலத்தில் குளோரின் போட்டால் புழுவுக்கு முன்பே மீன் செத்துப்போகும். குளோரின் வாடை முழுவதும் நீங்கியபின் புதிதாக விட வேண்டும். கிணற்றின் சுற்றளவில் மீட்டருக்கு 5 முதல் 10 மீன் போதும். மேலிருந்து கொட்டக் கூடாது. மீன் உள்ள வாளியைக் கயிற்றில் இறக்கி, கிணற்று நீரும் வாளி நீரும் ஒரே சூட்டுக்கு வந்தபின் மெல்லச் சாய்த்தால் தானாக நீந்திப்போகும்.

கிணறு குறைய, அல்லித் தொட்டியும் செயற்கைக் குளமும் பெருகியிருக்கின்றன. அங்கே விடப்படும் தங்கமீனுக்கு வேளை தவறாமல் தீனி கிடைப்பதால் அது புழுவைத் தேடுவதில்லை. இலை அடர்ந்து நீரை மூடிவிட்டால் கப்பிக்கும் வழியில்லை. மூன்றில் ஒரு பங்காவது இலையில்லாமல் இருக்கட்டும். இங்கே மீனோடு சேர்க்கத் தகுந்த மருந்து பி.டி.ஐ. என்னும் பாக்டீரியா. அது கொசுப்புழுவின் குடலைத்தான் கெடுக்கும், மீனை ஒன்றும் செய்யாது. கோவாவில் ஸ்டீபன்சியை ஒடுக்க இந்த பாக்டீரியாவையும், உள்நாட்டு மீனான அப்லோகைலஸையும் சேர்த்துச் சோதித்த ஆய்வு 1998-இல் வெளியானது. எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. ஏனென்றால் கம்பூசியா ஏரியிலோ கோயில் குளத்திலோ புகுந்துவிட்டால் தலைப்பிரட்டைகளையும் நாட்டு மீன் குஞ்சுகளையும் விட்டுவைக்காது. வழிந்தோட வாய்ப்பில்லாத கிணற்றோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

சரியாக நடக்கிறதா என்று பார்க்க, கொசு ஒழிப்புப் பணியாளர் சிலர் சிறு கண்ணாடியால் வெயிலைக் கிணற்றுக்குள் பாய்ச்சுவார்கள். நிழல் பட்டாலோ வாளி இடித்தாலோ புழுக்கள் அடியில் போய்விடும். சில நிமிடம் காத்திருந்து, உறையை ஒட்டிய ஓரத்தில் மொள்ள வேண்டும். சிறு புழுக்கள் மட்டும் வந்தால், முட்டை அண்மையில் பொரிந்திருக்கிறது, மீனுக்கு இன்னும் நேரமிருக்கிறது. கமா போல வளைந்த கூட்டுப்புழு வந்தால் வாரச் சுற்று தவறியிருக்கிறது அல்லது மருந்து சேரவில்லை. கூட்டுப்புழு எதையும் தின்னாது, ஆகவே பி.டி.ஐ. அதைத் தொடாது, இரண்டொரு நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். அன்றே வலையால் அள்ளித் தரையில் கொட்டிவிட வேண்டும்.