கண்ணுக்குத் தெரியாத 11 மில்லிகிராம்

ஒரு மோதிரத்தின் உண்மையான எடை 3.874 கிராம். கடைத் தராசு இரண்டு தசம இலக்கம் மட்டுமே காட்ட, எடையை மேல்நோக்கி முழுமையாக்கினால் பில்லில் 3.88 ஆகிறது. அதற்கு 12 சதவீதச் சேதாரம் 0.4656, அதையும் 0.47 என்று எழுதுகிறார்கள்.

மொத்தம் 4.35. முறையாகக் கணக்கிட்டால் 4.339தான். கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த 11 மில்லிகிராமுக்கு 100 ரூபாய். 3 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 103.

தராசு எப்போதும் கூட்டியே காட்டாது. வழக்கமான முழுமையாக்கலில் 3.874 என்பது 3.87 ஆகும், பல நகைகளில் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சமனாகிவிடும். ஆனால் வாங்கும்போது மேலேயும், பழைய நகையைப் போடும்போது கீழேயும் முழுமையாக்கினால், இழப்பு வாடிக்கையாளருக்கு மட்டுமே. மின்விசிறிக் காற்றும் எண்ணை ஆட்டும். காலித் தட்டில் சுழியைப் பார்த்துவிட்டு, மூன்று இலக்கத் தராசில் நிறுக்கச் சொல்லலாம்.